முதல் சம்பளம் – 6: ஆயிரத்து ஐந்நூற்றொரு வெள்ளி

பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று எழுதிப் பல வருடம் ஆகிவிட்டது. அங்கே தோசைக்கடை வைத்திருக்கும் ஓர் அம்மாவின் பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்கு அது இன்றும் பத்தாங் பெர்ஜுந்தைதான். காலை ஆறு மணிக்குத் தோசைக்கல் சூடேறிவிடும். பெரட்டு முடித்துப் பழம் வெட்டப் போகிறவர்கள் பொட்டலம் வாங்கிக்கொண்டு போவார்கள். பாதிப் பேர் காசு கொடுக்க மாட்டார்கள். அந்த அம்மா ஈரக் கையைத் துணியில் துடைத்துவிட்டு, மாவுச் சட்டிக்குப் பக்கத்தில் கிடக்கும் சின்னப் புத்தகத்தை எடுத்து எழுதுவார். அட்டையில் 555 என்று போட்டிருக்கும், உள்ளங்கை அளவுப் புத்தகம். தோட்டத்தில் வளர்ந்த யாருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை.

அவருடைய மகனுக்காகத்தான் நான் போயிருந்தேன். வயது இருபது. பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அக்டோபரில் புஞ்சாக் ஆலாம் பக்கம் ஒரு கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தான். இணையத்தில் வாங்கும் சாமான்களைப் பிரித்து, ஒட்டி, லாரியில் ஏற்றும் வேலை. நான் பார்க்கும்போது இரண்டு சம்பளம் வாங்கியிருந்தான். மூன்றாவது சம்பளத்துக்கு முன்னால் புது மோட்டாருக்குக் கையெழுத்துப் போடப் போகிறான் என்று அவன் அம்மா எனக்குப் போன் செய்திருந்தார். "நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே, நான் சொன்னா கேக்க மாட்டான்."

ஒரு வார்த்தையும் சொல்லாமல் சம்பளச் சீட்டைக் காட்டச் சொன்னேன். கைப்பேசியில் இரண்டும் இருந்தன.

அக்டோபர் சீட்டு: அடிப்படைச் சம்பளம் 1,700 வெள்ளி. 2025-இல் நாடு முழுக்க வந்த குறைந்தபட்சச் சம்பளம் அது. இபிஎஃப் 187, சொக்சோ 8.25, வேலை காப்புறுதிக்கு 3.30. கைக்கு வந்தது 1,501 வெள்ளி 45 காசு. நவம்பர் சீட்டு: கைக்கு 2,231.

"மொத மாசம் பாதிதான் போட்டாங்க மாமா. ரெண்டாவது மாசந்தான் சரியான சம்பளம் வந்துச்சு" என்றான்.

இந்த இடத்தில்தான் பல பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள். அவன் சொன்னது தலைகீழ். முதல் சீட்டுதான் அவனுடைய சம்பளம். இரண்டாவது சீட்டில் கூடுதலாக இருந்தது அக்டோபரில் செய்த ஓ.டி. நம் வேலைவாய்ப்புச் சட்டப்படி மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். ஓ.டி. பணத்துக்கு மட்டும் அடுத்த சம்பளக் காலம் முடியும்வரை தவணை உண்டு. அதனால் பல இடங்களில் இந்த மாதம் உழைத்த ஓ.டி. அடுத்த மாதச் சீட்டில்தான் தலைகாட்டும். வேலை குறைவதும் அதே போலத்தான், ஒரு மாதம் தாமதமாகத் தெரியும். ஜனவரியில் ஓ.டி. நின்றால் பிப்ரவரிச் சீட்டில் அடி விழும். அதற்குள் ஜனவரியில் போட்ட கையெழுத்து காய்ந்துபோயிருக்கும்.

ஓ.டி. கணக்கை அவனையே போடச் சொன்னேன். 1,700-ஐ 26 நாளால் வகுத்தால் ஒரு நாளைக்கு 65.38. அதை எட்டு மணி நேரத்தால் வகுத்தால் 8.17. சாதாரண நாளில் ஓ.டி.க்கு ஒன்றரை மடங்கு, ஆக மணிக்கு 12.26. அக்டோபரில் 60 மணி நேரம் செய்திருந்தான், 735 வெள்ளிக்குக் கொஞ்சம் மேலே. சீட்டோடு சரியாகப் பொருந்தியது. இந்தக் கணக்கு பொருந்தாவிட்டால் மேலாளரிடம் கேட்க வேண்டும். அதற்கு எத்தனை மணி நேரம் என்று தானே குறித்து வைத்திருக்க வேண்டும். அவன் குறித்து வைத்திருக்கவில்லை, ஆனாலும் அதிர்ஷ்டம், அங்கே ஒழுங்காகப் போட்டிருந்தார்கள்.

"இப்ப இபிஎஃப் வரியைப் பாரு" என்றேன். அக்டோபரில் 187. நவம்பரிலும் 187. அவன் நிமிர்ந்து பார்த்தான். சம்பளம் எழுநூறு வெள்ளி கூடியும் இபிஎஃப் ஒரு காசு கூடவில்லை.

ஓ.டி. பணத்துக்கு இபிஎஃப் பிடிப்பது கிடையாது, முதலாளியும் போட மாட்டார். சொக்சோவுக்கும் வேலை காப்புறுதிக்கும் ஓ.டி.யும் கணக்கில் சேரும், அதனால் சொக்சோ நாலு வெள்ளி ஏறியிருந்தது. கையில் முழுசாக வருகிறதே என்று ஓ.டி. பணம் இனிக்கும். ஆனால் அந்த எழுநூறுக்கு அறுபது வயதில் எந்த மிச்சமும் கிடையாது. அடிப்படை 1,700-க்கு இவனிடமிருந்து 11 சதவீதம், முதலாளியிடமிருந்து 13 சதவீதம் என்று மாதம் 408 வெள்ளி இவன் பெயரில் உட்காருகிறது. ஓ.டி.யில் சம்பாதித்ததை இவனே எடுத்து வைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

அவன் அப்பா அதுவரை ஒன்றும் பேசவில்லை. ஐம்பத்தெட்டு வயது, செம்பனைத் தோட்டத்தில் முப்பது வருடம். டீயை வைத்துவிட்டுச் சொன்னார்: "அம்பத்தஞ்சுல எடுத்தேன். மூத்தவ கல்யாணம், ஒரு பழைய கார். ஏழு மாசம் தாங்குச்சு."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. இன்னும் இரண்டு வருடத்தில் அவர் ஓய்வு பெற வேண்டும். அவர் வேலையை விட்டால் தோட்டத்து வீட்டையும் விட வேண்டும். இந்தப் பக்கத்தில் மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டத்துக் குடும்பங்கள் சொந்த வீட்டுக்காக எத்தனை வருடம் அலைந்தார்கள் என்று ஊருக்கே தெரியும். தோட்டத்துப் பிள்ளை ஒருவன் வேலைக்குப் போனதும் "வீட்டுக்கு எவ்வளவு கொடுப்பது" என்ற கேள்விக்குள் இந்த வீட்டுக் கேள்வி ஒளிந்திருக்கிறது. பட்டணத்தில் எழுதும் பண ஆலோசகர்களுக்கு இது தெரியாது. அவர்கள் சொல்லும் ஐம்பதுக்கு முப்பதுக்கு இருபது என்ற பங்கீட்டை இங்கே கொண்டுவந்தால் அப்பா அம்மாவை எந்தப் பங்கில் வைப்பது என்றே புரியாது.

மோட்டார் கதைக்கு வருவோம். அவனுடைய பெரியம்மா மகன் சில வருடங்களுக்கு முன்னால் எடுத்த மோட்டாரின் ஒப்பந்தம் அந்த வீட்டிலேயே இருந்தது. விலை பத்தாயிரத்தை ஒட்டி. ஆயிரம் முன்பணம், 9,000 கடன், வட்டி 10 சதவீதம், ஐந்து வருடம். பத்து சதவீதம் என்றால் பெரிதாகத் தெரியாது. ஆனால் அந்த வட்டி குறைந்துவரும் கடனுக்குப் போடப்பட்டதல்ல. முதல் நாள் வாங்கிய ஒன்பதாயிரத்துக்கே ஐந்து வருடமும் வட்டி. ஒன்பதாயிரத்துக்கு வருடம் 900, ஐந்து வருடத்துக்கு 4,500. மொத்தம் 13,500, மாதம் 225. நான்காவது வருடம் கடனில் பெரும்பகுதி கட்டி முடித்த பிறகும் முழு ஒன்பதாயிரத்துக்கான வட்டிதான் போய்க்கொண்டிருக்கும். குறைந்துவரும் கடனுக்கு வட்டி போடுகிற முறையில் கணக்குப் பார்த்தால் அது 17 சதவீதத்தைத் தாண்டும். யாராவது மோட்டார்க் கடன் காட்டினால் வட்டி சதவீதத்தைக் கேட்காதீர்கள். மாதக் கட்டணத்தை மாத எண்ணிக்கையால் பெருக்கி, வாங்கிய கடனைக் கழித்துப் பாருங்கள். அந்த ஒரு எண் போதும்.

அந்தப் பெரியம்மா மகனும் ஓ.டி. காலத்தில்தான் கையெழுத்துப் போட்டான். ஓ.டி. நின்றதும் இரண்டு மாதம் கட்ட முடியவில்லை. தவணைக் கொள்முதல் சட்டப்படி இரண்டு தவணை தொடர்ந்து தவறினால் நோட்டீஸ் வரும். 21 நாள் அவகாசம், பிறகு மோட்டாரை இழுத்துக்கொண்டு போகலாம். மொத்த ரொக்க விலையில் முக்கால் பங்குக்கு மேல் கட்டியிருந்தால் மட்டும் நீதிமன்ற உத்தரவு வேண்டும். நோட்டீஸ் வந்தபோது அவன் அந்த முக்கால் பங்கின் அருகில்கூட இல்லை. பெரியம்மாவின் தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போய் மோட்டார் வீட்டில் நின்றது.

நம் பையனிடம் ஏற்கனவே அப்பாவின் பழைய கப்சாய் இருக்கிறது. வேலைக்கு மோட்டார் அவசியம்தான். அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது, தினம் போய்வர ஐம்பது கிலோமீட்டர். ஆனால் கப்சாய் ஓடுகிறது. அவனுக்கு வேண்டியது மோட்டார் இல்லை, கூட வேலை செய்கிறவர்கள் வைத்திருக்கிற மோட்டார். இதைச் சொன்னதும் கோபம் வந்து உள்ளே போய்விட்டான். நியாயம்தான், இருபது வயதில் எனக்கும் வந்திருக்கும்.

அவன் திரும்பி வருவதற்குள் ஒரு சங்கதி. ஒரு தோட்டத்து ஆள் தோசை வாங்க வந்தார். அந்த அம்மா புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "முப்பது தாண்டிருச்சு, சம்பளம் போட்டதும் வாங்கண்ணே" என்றார். அவரும் சிரித்துக்கொண்டே இரண்டு வெள்ளியை எடுத்து வைத்தார். முப்பது வெள்ளிதான் எல்லை, யாராக இருந்தாலும்.

வெளியே வந்த பையனிடம் கைப்பேசியில் "பிறகு கட்டலாம்" கணக்கு எதுவும் இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. சப்பாத்து, ஹெட்போன், அம்மாவுக்கு ஒரு மிக்சி. முதலில் 300 வெள்ளி வரை கடன் கொடுத்தார்கள். ஒழுங்காகக் கட்டினான். எல்லை 800 ஆனது, பிறகு 1,500. அதைப் பெருமையாகக் காட்டினான், நம்பிக்கை ஏறுகிறதாம். அம்மாவின் 555 புத்தகமும் கடன் புத்தகம், இதுவும் கடன் புத்தகம். அம்மாவின் புத்தகத்தில் எல்லை முப்பதில் நிற்கும், ஏனென்றால் அவருக்கு வாங்குகிறவரின் சம்பளம் தெரியும், பிள்ளைகள் எத்தனை என்று தெரியும். கைப்பேசிக்குத் தெரிந்ததெல்லாம் இவன் போன தடவை கட்டிவிட்டான் என்பதுதான். மூன்று சாமான்களுக்கும் சேர்த்து மாதம் 140 வெள்ளி போய்க்கொண்டிருந்தது. தனித்தனியாகப் பார்த்தால் எதுவுமே அறுபதைத் தாண்டவில்லை. செலவு ஏறுவது பெரும்பாலும் இப்படித்தான், எந்தப் படியும் உயரமாக இருக்காது.

பிறகு ஒரு புது 555 புத்தகத்தை அம்மாவிடம் வாங்கி, 1,501-க்கு மட்டும் கணக்கு எழுதினோம். ஓ.டி. பக்கத்தில்கூட வரக்கூடாது என்பது என் ஒரே நிபந்தனை.

பெட்ரோல், எண்ணெய் மாற்ற 100. வேலையிடத்துச் சாப்பாடு ஒரு நாளைக்கு எட்டு வெள்ளி, 26 நாளைக்கு 210 என்று வைத்தோம். அம்மா காலையில் கட்டிக் கொடுத்தும் இவ்வளவு. கைப்பேசிக்கு 40. மோட்டார் இன்சூரன்ஸ், டயர், பிரேக் என்று 50 ஒதுக்கினோம். கப்சாய்க்குச் சாலை வரி வருடத்துக்கே இரண்டு வெள்ளிதான், இன்சூரன்ஸ்தான் செலவு. அவன் கைச்செலவுக்கு 250. இதைக் குறைக்கச் சொல்வேன் என்று எதிர்பார்த்தான், நான் சொல்லவில்லை. இருபது வயதுப் பையனுக்குச் சினிமாவும் பசார் மாலாமும் இல்லாத கணக்கு இரண்டாவது மாதமே கிழிந்துவிடும். பழைய 140 கட்டி முடியும்வரை அது இந்த 250-இலிருந்தே போகட்டும் என்று மட்டும் எழுதினோம். சேமிப்பு 200. பெயரில்லாத வரி ஒன்று, 150. மொய், திருவிழா, அறுந்த செயின் எல்லாம் அதற்குள்.

வீட்டுக்கு 500. இந்த இடத்தில்தான் நேரம் எடுத்தது.

முதல் மாதம் அவன் அம்மா கையில் 300 கொடுத்திருந்தான், இரண்டாவது மாதம் 800. கேட்டால் "சம்பளத்துக்கு ஏத்த மாதிரி" என்றான். கொடுக்கும் மனசு பெரிது. ஆனால் பிப்ரவரியில் 300-க்கு இறங்கும்போது வீட்டில் என்ன நினைப்பார்கள்? எண்ணூறு வரும் என்று தங்கையின் டியூசனுக்குப் பணம் கட்டியிருப்பார்கள். வீட்டுக்குக் கொடுக்கும் பணம் ஏறி இறங்கக் கூடாது. ஓ.டி. இல்லாத மாதத்திலும் கொடுக்க முடிகிற தொகையாக இருந்தால் போதும்.

ஐந்நூறில் 300 ரொக்கமாக, வீட்டுச் சாமானுக்கு. மீதி 200 அம்மாவின் இபிஎஃப் கணக்குக்கு என்று நான் சொன்னதும், அந்த அம்மா தோசைத் திருப்பியைக் கீழே வைத்தார். "எனக்கா? நான் எங்கண்ணே வேலை செய்யறேன்?"

காலை நாலு மணிக்கு எழுந்து மாவு கரைக்கிறவர் கேட்ட கேள்வி அது.

நிரந்தரச் சம்பளம் இல்லாமல் சுயதொழில் செய்கிறவர்கள், அறுபது வயதுக்குக் கீழே இருந்தால், இபிஎஃப்பில் ஐ-சாரான் என்ற திட்டத்தில் பதிந்துகொள்ளலாம். தாமாகப் போடும் பணத்துக்கு அரசாங்கம் 20 சதவீதம் சேர்த்துக் கொடுக்கிறது, வருடத்துக்கு 500 வெள்ளி வரை, வாழ்நாளில் மொத்தம் 5,000 வரை. 2025 வரவு செலவுத் திட்டத்தில் வந்த விகிதம் இது. பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறக்கூடியது, வருடத் தொடக்கத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். மாதம் 200 போட்டால் வருடத்துக்கு 2,400. அரசாங்கத்தின் பங்கு 480. இதற்கு மேல் வழக்கமான லாப ஈவு வேறு, 2024-க்கு அது 6.30 சதவீதம். அம்மாவுக்கு இப்போது 52. மூன்று வருடத்தில் இவன் போட்ட 7,200-உம் அரசாங்கத்தின் 1,440-உம் சேர்ந்து, 55-இல் எடுத்துக்கொள்ளலாம். தோட்டத்து வீட்டைவிட்டுக் கிளம்பும்போது வாடகை வீட்டு முன்பணத்துக்கு அது ஆகும். பதியாமல் வெறுமனே பணம் போட்டால் அரசாங்கப் பங்கு வராது, அதனால் பதிவு முதலில்.

ஒரு குறையும் உண்டு. நடுவில் அவசரம் என்றால் அதில் பத்தில் ஒரு பங்குதான் நெகிழ்வுக் கணக்கில் இருக்கும், அதைத்தான் உடனே எடுக்கலாம். 2024 மே முதல் 55 வயதுக்குக் கீழே உள்ள எல்லாருடைய புதுச் சந்தாவும் இப்படித்தான் பிரிகிறது: ஓய்வுக்கால கணக்குக்கு 75, வீடு போன்றவற்றுக்கான செஜாத்ரா கணக்குக்கு 15, நெகிழ்வுக்கு 10. பையனுடைய 408-இல் நெகிழ்வுக்குப் போவது மாதம் நாற்பது வெள்ளிதான். அதை மாதாமாதம் எடுத்துக் காப்பி குடிக்கிறவர்களை நான் அறிவேன். அதைத் தொடாமல் விட்டால் வருடம் சுமார் 490 நிற்கும். அப்படியே, முதலாளி மாதச் சந்தாவை ஒழுங்காகக் கட்டுகிறாரா என்றும் கைப்பேசியில் பார்க்கலாம். அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். சீட்டில் பிடித்துவிட்டு இபிஎஃப்பில் கட்டாத இடங்கள் இருக்கின்றன. இரண்டு மாதம் காணோம் என்றால் வாரியத்தில் புகார் செய்யலாம்.

மாதம் 200 என்பது சின்னத் தொகையாகத் தோன்றியதோ என்னவோ, அப்பாதான் பழைய கதையை எடுத்தார். 1960-இல் துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய் மாதம் பத்து வெள்ளி போடச் சொன்னதும், அந்தப் பத்துப் பத்து வெள்ளியில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோட்டங்களையே வாங்கியதும் அவர் அப்பா சொல்லிக் கேட்டது. தாத்தா போட்டாரா என்று பையன் கேட்டான். "போட்டாரு. ரெண்டு மாசம் நிறுத்தி மறுபடி போட்டாரு" என்றார்.

கடைசியில் ஓ.டி. எழுநூற்று முப்பது. அதைப் பாதியாகப் பிரித்தோம். 365 அவசர நிதிக்கு, மாதச் சேமிப்பு 200-உடன் சேர்த்து 565. ஓ.டி. நின்றாலும் வேலையே போனாலும் மூன்று மாதம் தாக்குப்பிடிக்க 4,500 வேண்டும். இதே அளவு ஓ.டி. தொடர்ந்தால் எட்டு மாதம், நின்றால் கூடுதலாக ஆகும். மறுபாதி மோட்டாருக்கு, ஆனால் கடைக்குப் போகாது, தனிக் கணக்கில் சேரும். அதில் மூவாயிரம், நாலாயிரம் சேர்ந்த பிறகு வாங்கட்டும். முன்பணம் பெரிதாக இருந்தால் கடனும் வட்டியும் சின்னதாகும். ஓ.டி. வராத மாதத்தில் இந்த இரண்டு வரியும் காலி, மற்ற எதுவும் அசையாது. அவனுக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. புத்தகத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான், அது போதும் என்று எழுந்தேன்.

பிப்ரவரி ஏழாம் தேதி இரவு அவனிடமிருந்து ஒரு படம் வந்தது. 555 புத்தகத்தின் ஒரு பக்கம். மேலே 1,501.45. ஓ.டி. என்ற இடத்தில் ஒரு கோடு. "அம்மா 300" என்பதற்கு நேரே அம்மாவின் கையெழுத்தில் ஒரு சரி. கீழே, பெயரில்லாத வரியில்: "கப்சாய் செயின், ஸ்ப்ராக்கெட் – 95."

(தொடரும்)